மொழி மாதிரி ஏன் கட்டுரையாசிரியர் ஆக முடியாது, அதைப் பயன்படுத்தியதை எங்கே எப்படிச் சொல்வது

முதல் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். கோப்பைப் பதிவேற்றியாகிவிட்டது, எழுதியவர்களின் பெயர்களையும் மின்னஞ்சல்களையும் நிரப்பியாகிவிட்டது. அடுத்த திரையில் ஒரு கேள்வி வருகிறது: இந்தக் கட்டுரையைத் தயாரிக்கச் செய்யறிவுக் கருவிகளைப் பயன்படுத்தினீர்களா? ஆம், இல்லை என்று இரண்டே வட்டங்கள். இல்லை என்று அழுத்தினால் பொய் சொன்னதாகிவிடுமோ என்று ஒரு பயம். ஆம் என்று அழுத்தினால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இன்னொரு பயம்.

இரண்டு பயத்துக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியின் பெயரை இதழ்கள் ஆசிரியர் பட்டியலில் ஏன் ஏற்பதில்லை என்பது புரிந்துவிட்டால், எதைச் சொல்ல வேண்டும், எங்கே சொல்ல வேண்டும் என்பதும் விளங்கிவிடும். தமிழில் எழுதுபவரும் ஆசிரியர், இதழை நடத்துபவரும் ஆசிரியர். அதனால் இங்கே எழுதுபவரைக் கட்டுரையாசிரியர் என்றும் இதழை நடத்துபவரை இதழாசிரியர் என்றும் சொல்கிறேன்.

பெயர் எதற்கு?

நாவலின் அட்டையில் இருக்கும் பெயர், இதை எழுதியவர் இவர் என்று சொல்கிறது. ஆய்வுக் கட்டுரையின் மேலே இருக்கும் பெயருக்கு வேறு வேலை. இதில் உள்ளதைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்பவர் இவர் என்பதே அதன் பொருள்.

கட்டுரை வெளியாகி இரண்டு ஆண்டுகள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்புகிறார்: 'உங்கள் 3-ஆம் அட்டவணையில் உள்ள எண்களைக் கூட்டினால் மொத்தம் வரவில்லையே?' யாராவது பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். தவறு இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும், திருத்தம் எழுதி அதில் கையெழுத்திட வேண்டும். நிலைமை மோசமென்றால் விசாரணைக்குப் போய் உட்கார வேண்டும். மொழி மாதிரியால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது. இரண்டு ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய பதிப்பே நிறுத்தப்பட்டிருக்கலாம்.

மருத்துவ இதழ்களில் பெரும்பாலானவை பின்பற்றும் விதி, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்தது. ஆங்கில முதலெழுத்துகளில் ஐ.சி.எம்.ஜே.இ. என்பார்கள். கட்டுரையாசிரியர் ஆக அது நான்கு நிபந்தனைகள் வைக்கிறது, நான்கும் சேர்ந்தே பொருந்த வேண்டும். முதலாவது, ஆய்வின் திட்டத்திலோ தரவைத் திரட்டுவதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு. இரண்டாவது, கட்டுரையை எழுதியதில் அல்லது கருத்து ரீதியாகத் திருத்தியதில் பங்கு. மூன்றாவது, வெளியாகப் போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளிப்பது. நான்காவது, முழு வேலைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதாக ஏற்பது.

முதல் இரண்டையும் வைத்து வேண்டுமானால் மாதிரிக்காக வாதாடிப் பார்க்கலாம். மூன்றாவதிலும் நான்காவதிலும் வாதமே எழாது. ஒப்புதல் தருவதும் கடமையை ஏற்பதும் மறுக்கவும் முடிந்த ஒருவர் செய்யும் செயல்கள். பதிப்புரிமைப் படிவத்திலும் நலன் முரண்பாட்டு அறிவிப்பிலும் கையெழுத்திடவும் அப்படி ஒருவர்தான் வேண்டும். எத்தனை பத்தி எழுதித் தந்தது என்ற கணக்குக்கு இங்கே வேலையே இல்லை. ஒரு மனிதர் பாதிக் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டு 'இதற்கு நான் பொறுப்பில்லை' என்று சொன்னாலும் இதே விதியின்படி அவருக்கும் பட்டியலில் இடமில்லை.

இந்த விதி 2022-ஆம் ஆண்டின் இறுதியில்தான் சோதனைக்கு வந்தது. சாட்ஜிபிடி அந்த நவம்பரில் வெளியானது. அடுத்த சில வாரங்களிலேயே அதன் பெயர் கட்டுரைகளில் ஏறிவிட்டது. செவிலியர் கல்வி குறித்த ஓர் ஆய்விதழில் அது இணை ஆசிரியராக அச்சானது; பிறகு திருத்தம் போட்டுப் பெயரை எடுத்தார்கள். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் அது எப்படி விடையளிக்கிறது என்று பார்த்த கட்டுரையின் முன்பதிப்பிலும் அதன் பெயர் இருந்தது. 2023 பிப்ரவரியில் இதழில் வெளியானபோது இல்லை. 2023 ஜனவரியில் நேச்சர், சயின்ஸ் இரண்டும் மறுப்பை அறிவித்தன. பிப்ரவரியில், வெளியீட்டு அறநெறிக்கான கோப் என்ற அமைப்பு அதையே சொன்னது. மே மாதம் ஐ.சி.எம்.ஜே.இ. தன் பரிந்துரைகளில் சேர்த்துக்கொண்டது. இவ்வளவு வேகமாக எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்ததற்குக் காரணம், புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்த விதியைப் புதிய பொருளின் மேல் வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை.

இடையில் ஒரு பூனைக் கதை. 1975-இல் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் வழி நெடுக 'நாங்கள்' என்று போட்டிருந்தார். ஒருவர் மட்டும் எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று இருந்தால் இதழ் ஏற்காது என்று ஒரு சகா எச்சரித்தார். அது தட்டச்சுக் காலம், முழுவதையும் மறுபடி அடிக்க அவருக்கு மனமில்லை. தன் சயாமியப் பூனையை எஃப். டி. சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராக்கிவிட்டார். கட்டுரை பிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளியானது. அன்று அது வேடிக்கையாகவே நின்றதற்குக் காரணம், அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஹெதரிங்டன் இருந்தார். பூனையிடம் யாரும் கேட்கப் போவதில்லை. மொழி மாதிரி விஷயத்தில் இதழ்கள் அஞ்சுவது இதன் மறுபக்கத்தை: கேட்டால் 'அது கருவி எழுதியது' என்று மனிதர் ஒதுங்கிக்கொள்வதை.

ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம்

கற்பனையாக ஓர் ஆய்வு மாணவி. செவிலியர்கள் பணி மாறும்போது நோயாளி விவரங்களைக் கைமாற்றுவதில் நேரும் தவறுகளைப் பற்றி ஆய்வு செய்கிறார். 412 செவிலியர்கள் ஒரு கேள்விக்குச் சொந்த வார்த்தைகளில் பதில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய வேலையில் மொழி மாதிரி நான்கு இடங்களில் நுழைந்திருக்கிறது. பதில்களை ஆறு தலைப்புகளில் வகைப்படுத்தியது. புள்ளியியல் சோதனைக்கு ஆர் மொழியில் நிரல் எழுதித் தந்தது. கட்டுரையின் மொழிநடையைச் சீர்செய்தது. முன்னுரைக்காக முந்தைய ஆய்வுகள் ஐந்தைப் பரிந்துரைத்தது.

முதல் வேலை, இந்த நான்கையும் நினைவிலிருந்து கிளறாமல் குறிப்பிலிருந்து எடுக்க முடிவது. கருவியைத் தொடும் நாளிலேயே தேதி, கருவியின் பெயர், துல்லியமான பதிப்பு, எதற்காக, வெளியீட்டை என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். 'சாட்ஜிபிடி' என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பெயருக்குள் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும். மார்ச்சில் பதில் தந்ததும் செப்டம்பரில் பதில் தந்ததும் வெவ்வேறு மொழி மாதிரிகளாக இருக்கலாம். ஏபிஐ வழியாக, அதாவது உங்கள் நிரலிலிருந்து நேரடியாக, அழைத்திருந்தால் `gpt-4o-2024-08-06` போலத் தேதியோடு கூடிய அடையாளம் இருக்கும், அதை அப்படியே பதிய வேண்டும். உலாவியில் பயன்படுத்தியிருந்தால் திரையில் தெரிந்த மாதிரிப் பெயரும் தேதியும். கொடுத்த கட்டளை வாசகத்தைத் தனிக் கோப்பில் சேமித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பாய்வாளர் கேட்கும்போது, ஏறக்குறைய இப்படித்தான் கேட்டேன் என்று சொல்ல நேர்ந்தால் அந்தப் பகுதி வேலையே ஆட்டம் கண்டுவிடும்.

அடுத்து, அனுப்பப் போகும் இதழின் விதியை, அனுப்பும் வாரத்தில், அந்த இதழின் பக்கத்திலேயே படிக்க வேண்டும். சக மாணவர் சென்ற ஆண்டு சொன்னது உதவாது. சயின்ஸ் இதழையே பாருங்கள்: 2023 ஜனவரியில் மாதிரி எழுதிய வாசகமே கூடாது என்றது, அதே ஆண்டு நவம்பரில் முழுமையாக அறிவித்தால் ஏற்போம் என்று மாற்றிக்கொண்டது. பத்து மாதத்தில் தலைகீழ். அதனால் படித்த விதியைத் தேதியோடு ஒரு பிடிஎஃப் ஆகச் சேமித்து வைப்பது என் பழக்கம்.

தரவுக்குள் நுழைந்ததை ஆய்வுமுறையில் எழுதுங்கள்

ஒரு கேள்வி போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்: இந்தக் கருவியை எடுத்துவிட்டால் முடிவுகளின் எண்கள் மாறுமா? மாறும் என்றால் அது ஆய்வுமுறைப் பகுதியில் வர வேண்டியது. நுண்ணோக்கியையும் அளவுகோலையும் எழுதுகிற அதே இடம், அதே நோக்கம். படிப்பவர் மறுபடி செய்து பார்க்கவும், எங்கே பிழை வரும் என்று எடைபோடவும் வழி வேண்டும்.

மாணவியின் 412 பதில்களும் அப்படித்தான். எந்தப் பதில் எந்தத் தலைப்புக்குப் போகிறது என்பதை மாதிரி முடிவு செய்திருக்கிறது. முதல் வரைவில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'பதில்களை வகைப்படுத்தச் செய்யறிவு பயன்படுத்தப்பட்டது.' இந்த வாக்கியம் அறிவிப்பு போலத் தோன்றும், ஆனால் எதையும் அறிவிக்கவில்லை. செயப்பாட்டு வினையில் யார் பார்த்தார்கள், யார் சரிபார்த்தார்கள் என்பதும் மறைந்துவிட்டது. அவருடைய வழிகாட்டி அதைத் திருப்பிக் கொடுத்து, 'இதைப் படித்து நான் என்ன செய்ய முடியும்?' என்று கேட்டார். திருத்திய வடிவம் இது:

> ஒவ்வொரு பதிலையும் ஆறு தலைப்புகளில் ஒன்றில் சேர்க்க, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் `gpt-4o-2024-08-06` மாதிரியை 2025 மார்ச் 3 முதல் 5 வரை ஏபிஐ வழியாகப் பயன்படுத்தினோம். `temperature` மதிப்பு 0. தலைப்புகளையும் அவற்றின் வரையறைகளையும் நாங்களே வகுத்தோம். முழுக் கட்டளை வாசகம் இணைப்பு 2-இல் உள்ளது. தற்செயலாகத் தேர்ந்த 80 பதில்களை இரு கட்டுரையாசிரியர்கள் மாதிரியின் முடிவைப் பார்க்காமல் தனித்தனியே வகைப்படுத்திப் பின் ஒருமித்த முடிவுக்கு வந்தனர். அந்த முடிவோடு மாதிரியின் ஒப்புமை, கோஹன் கப்பா 0.71. அதே கட்டளையை மறுபடி ஓட்டியபோது 412-இல் 19 பதில்களின் தலைப்பு மாறியது. அந்த 19-ஐயும் கட்டுரையாசிரியர்கள் படித்து முடிவு செய்தனர்.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். விடையில் எவ்வளவு தற்செயல் கலக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் `temperature` மதிப்பை 0 ஆக வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே விடை வரும் என்று பலர் நம்புகிறார்கள். நடைமுறையில் சில விடைகள் மாறும். இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது, ஆனால் மதிப்பாய்வாளர் கேட்கப் போகும் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. கப்பாவை மொத்தமாக மட்டும் பார்த்து விட்டுவிடவும் கூடாது. இந்த 80 பதில்களில் 'களைப்பு' என்ற தலைப்பை மட்டும் தனியாகப் பார்த்தால், மாதிரி பலவற்றை 'ஆள் பற்றாக்குறை'யில் போட்டிருந்தது. 'இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆள் பற்றிய சொல்லைப் பிடித்துக்கொண்டு மாதிரி நகர்ந்துவிட்டது. இதை வரம்புகள் பகுதியில் இரண்டு வரியாக எழுதினால் போதும்.

இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தபோதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. பங்கேற்றவர்களின் பதில்களை வெளி நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப ஒப்புதல் படிவத்தில் இடம் இருந்ததா? பெயரும் பணியிடமும் நீக்கியிருந்தார், நல்லவேளை. ஆனால் அறநெறிக் குழுவுக்குக் கொடுத்த திட்டத்தில் இந்தப் படி இல்லை. இது அறிவிப்பால் சரியாகிற விஷயம் கிடையாது. அறநெறிக் குழுவுக்கு எழுதி, அவர்கள் முடிவு வரும்வரை கட்டுரையை அனுப்பாமல் காத்திருக்க வேண்டும். முன்பே கேட்டிருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும்.

நிரலும் இதே பகுதிக்குத்தான் வரும், ஏனென்றால் அதுவும் எண்களைத் தொடுகிறது. மாதிரி தந்தது இது:

```r
d <- na.omit(d)
chisq.test(table(d$shift, d$theme))
```

பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ஓடும். ஆனால் முதல் வரி, எந்த நெடுவரிசையில் வெற்றிடம் இருந்தாலும் அந்த ஆளின் முழு வரிசையையும் நீக்கிவிடும். 41 பேர் வயதை எழுதவில்லை. இந்தச் சோதனைக்கு வயது தேவையே இல்லை, இருந்தும் 412 பேர் 371 ஆகிவிட்டார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, அந்த முதல் வரிக்கு முன்னும் பின்னும் `nrow(d)` போட்டு எண்ணிக்கையைப் பார்ப்பது. அட்டவணையின் மொத்தம் 371 என்றும் ஆய்வுமுறையில் 412 என்றும் கட்டுரை வெளியாகியிருந்தால், முன்பு சொன்ன அந்த மின்னஞ்சல் வந்திருக்கும். அப்போது நிரலை எழுதியது யார் என்று எவரும் கேட்கப் போவதில்லை, மேலே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

மொழியைத் திருத்தியதை எங்கே சொல்வது

இங்கேதான் இதழ்களுக்குள் கருத்து வேறுபாடு. எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்கும் அடிப்படைக் கருவிகளை அறிவிக்கத் தேவையில்லை என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அதற்கு மேல் போனால் ஸ்பிரிங்கர் நேச்சர், கட்டுரையாசிரியர் தாமே எழுதியதன் நடையையும் தெளிவையும் மேம்படுத்துவதை அறிவிக்க வேண்டியதில்லை என்கிறது. ஐ.சி.எம்.ஜே.இ. வழி செல்லும் இதழ்கள் எழுத்து உதவியை நன்றியுரையில் சொல்லச் சொல்கின்றன. மேற்கோள் பட்டியலுக்கு முன்னால் தனித் தலைப்பில் அறிவிப்புக் கேட்கும் பதிப்பகங்களும் உண்டு. இதழ் என்ன கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். விதி தெளிவாக இல்லையென்றால் சொல்லிவிடுவது மேல். தேவைக்கு மேல் ஒரு வரி இருந்ததற்காக யாரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றதில்லை.

ஆனால் மொழியைத்தானே தொட்டது என்று நம்பும் முன் முந்தைய வாக்கியத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மாணவி எழுதியது: 'இரவுப் பணியில் கைமாற்றத் தவறுகள் அதிகமாகப் பதிவாகின.' சீர்செய்து வந்தது: 'இரவுப் பணி கைமாற்றத் தவறுகளை அதிகரிக்கிறது.' இரண்டாவது நறுக்கென்று இருக்கிறது, வாசிக்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் முதலாவது பதிவேட்டில் கண்டதைச் சொல்கிறது, இரண்டாவது காரணம் சொல்கிறது. இரவில் மேற்பார்வையாளர் கூடுதல் கவனமாகப் பதிவு செய்கிறார் என்றாலும் முதல் வாக்கியம் உண்மையாகவே இருக்கும், இரண்டாவது விழுந்துவிடும். இப்படி ஒன்று நடந்திருந்தால் அது நடைத் திருத்தம் அன்று. வாக்கியத்தைப் பழையபடி மாற்ற வேண்டும். கணிசமான பகுதியை மாதிரியே எழுதியிருந்தால், நடையை மட்டும் மேம்படுத்தியதாக அறிவிப்பது பொய்யாகிவிடும். முன்னுரையின் முதல் வரைவை அது எழுதியது என்றால் அப்படியே சொல்ல வேண்டும்.

நன்றியுரைக்கு அவர் எழுதியது எளிமையானது:

> கட்டுரையாசிரியர்கள் எழுதிய முன்னுரை, விவாதம் ஆகிய பகுதிகளின் மொழிநடையைச் சீர்செய்ய 2025 மே மாதம் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினோம். ஒவ்வொரு மாற்றத்தையும் மூல வாக்கியத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். உள்ளடக்கம் முழுவதற்கும் நாங்களே பொறுப்பு.

இதில் கருவிக்கு நன்றி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நன்றியுரையில் பெயர் வரும் மனிதர்களிடம் அனுமதி வாங்குவது வழக்கம். கருவியைப் பற்றிய குறிப்பு அந்த இடத்தில் வந்தாலும் அது தகவல்தான், நன்றி அன்று.

ஐந்து மேற்கோள்கள் பாக்கி. ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் சொடுக்கிப் பார்த்தபோது மூன்று சரியான கட்டுரைக்குப் போயின. ஒன்று வேறு துறைக் கட்டுரைக்குப் போனது. ஐந்தாவது எங்குமே இல்லை: உண்மையான இதழ், நம்பத்தகுந்த தலைப்பு, இல்லாத கட்டுரை. இருக்கும் மூன்றையும் முழுதாகப் படித்த பிறகே சேர்க்கலாம். மாதிரியின் பதிலையே சான்றாக மேற்கோள் பட்டியலில் போடுவதை ஐ.சி.எம்.ஜே.இ. ஏற்பதில்லை. பட்டியலில் வருவதற்கும் ஒரு கட்டுரையாசிரியர் வேண்டும், அங்கேயும் அதே பிரச்சினை. தேடுவதற்குக் கருவியைப் பயன்படுத்தியதை அறிவிப்பது இதழைப் பொறுத்தது. முறையான இலக்கிய மீளாய்வு என்றால் அது ஆய்வுமுறையின் பகுதியே, கட்டாயம் எழுத வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை: செய்யறிவால் வரைந்த படத்தைப் பல பெரிய பதிப்பகங்கள் ஏற்பதில்லை, அறிவித்தாலும்கூட. உங்கள் தரவிலிருந்து நிரல் வரைந்த வரைபடம் இதில் சேராது.

அறிவித்துவிட்டால் தப்பித்தோம் என்று இல்லை

2024 பிப்ரவரியில் ஓர் உயிரியல் இதழில் வந்த எலிப் படம் பலருக்கு நினைவிருக்கலாம். உடலமைப்பு அபத்தமாக, பெயர்க்குறிப்புகள் எந்த மொழியிலும் இல்லாத சொற்களாக இருந்த படம். சில நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பலர் கவனிக்காத செய்தி, அந்தக் கட்டுரையில் படங்கள் மிட்ஜர்னியால் உருவாக்கப்பட்டவை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அறிவிப்பு இருந்தது, பார்த்துச் சரிசெய்த கண் இல்லை. மறுமுனையில், அறிவிக்காமல் அகப்பட்டவர்களும் உண்டு. 2023-இல் ஓர் இயற்பியல் கட்டுரையின் நடுவே `Regenerate response` என்ற பொத்தானின் எழுத்து அப்படியே அச்சாகியிருந்தது; நகலெடுத்தபோது கூடவே வந்துவிட்டது. அதுவும் திரும்பப் பெறப்பட்டது. முதலாமவர் சொன்னார், பார்க்கவில்லை. இரண்டாமவர் சொல்லவும் இல்லை, தம் பக்கத்தைத் தாமே படித்ததாகவும் தெரியவில்லை.

எனவே அனுப்பும் முன் கடைசி வாசிப்பைத் திரையில் செய்யாதீர்கள். அச்செடுத்து, இணை ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். எல்லா இணை ஆசிரியர்களிடமும் அவரவர் பங்கில் கருவி பயன்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். அறிவிப்பு எல்லோர் சார்பிலும் போகிறது. மூன்றாவது ஆசிரியர் தம் பத்தியை மாதிரியிடம் எழுதி வாங்கியிருந்தால், நீங்கள் அறியாமலே பொய் அறிவிப்பில் கையெழுத்திடுகிறீர்கள். குழுக் கட்டுரைகளில் நான் அதிகம் பார்த்த ஓட்டை இதுதான்.

இப்போது படிவத்தின் அந்த இரண்டு வட்டங்களுக்கு வருவோம். மாணவி ஆம் என்று அழுத்துகிறார். விளக்கப் பெட்டியில் ஆய்வுமுறையிலும் நன்றியுரையிலும் உள்ளதைச் சுருக்கி எழுதி, எந்தப் பகுதியில் விவரம் உள்ளது என்று குறிப்பிடுகிறார். ஐ.சி.எம்.ஜே.இ. வழி நடக்கும் இதழ் என்பதால் இதழாசிரியருக்கான முகப்புக் கடிதத்திலும் அதே இரண்டு வரி. மூன்று இடத்திலும் கருவியின் பெயரும் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தில் 'மொழித் திருத்தம் மட்டும்', உள்ளே வகைப்படுத்தல் என்று இருந்தால் இதழாசிரியருக்கு உடனே சந்தேகம் வரும், அது நியாயமும்கூட.

ஆம் என்று சொன்னதற்காகவே கட்டுரையைத் தள்ளுவார்களா? அறிவித்தால் ஏற்போம் என்று விதியில் எழுதியிருக்கும் இதழ் அந்தக் காரணத்தைச் சொல்லித் தள்ள முடியாது. மதிப்பாய்வாளர் ஒருவர் முகம் சுளிக்கலாம். அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அந்த 80 பதில்களும் 0.71-உம் 19-உம் ஏற்கெனவே விடை சொல்லி வைத்திருக்கின்றன.

அனுப்பிய பிறகு ஏதோ விடுபட்டது தெரிய வந்தால், தாமதிக்காமல் இதழாசிரியருக்கு எழுதுங்கள். மதிப்பாய்வில் இருக்கும்போது என்றால் அடுத்த திருத்தப் பிரதியில் சேர்த்துவிடலாம். வெளியான பிறகு என்றால் திருத்தக் குறிப்பு வரும், அது உங்கள் பெயரோடு சேர்ந்து நிற்கும். கடிதத்துக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கட்டுரை எண், எந்தக் கருவி, எந்தப் பகுதி, முடிவுகளை அது பாதிக்கிறதா, பாதிக்கவில்லை என்றால் எப்படிச் சரிபார்த்தீர்கள், சேர்க்க வேண்டிய வாசகம். ஆறு வரியில் முடியும்.